நான்கு வளர்ச்சிப் பாதைகள் வந்திருக்கின்றன, நான்காவதுக்கு என்ன பெயர் வைப்பது?

யாழினி, முள்ளியவளை

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், அதனால் கேட்கிறேன்.

முள்ளியவளை, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கக் கிராமங்களில் 236 பேரை ஒன்றரை வருடம் பின்தொடர்ந்தோம். பெரும்பாலும் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள். மனச்சோர்வு அறிகுறிகளை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்விக்கொத்தைத் தமிழில் கேட்டோம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. சேர்ந்த அன்று ஒரு தடவை, பிறகு 3, 6, 12, 18 மாதங்களில். எல்லோரையும் ஒரே மாதத்தில் சேர்க்க முடியவில்லை. ஒரு கிராமம் முடிய அடுத்த கிராமம் என்று புரட்டாதி தொடங்கி மாசி வரை இழுத்தது.

சராசரியைப் பார்த்தால் 8.4 இலிருந்து 7.1க்கு இறங்கியிருக்கிறது. அதைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. இறங்கியவர்களும் ஏறியவர்களும் ஒருவரை ஒருவர் அடித்துவிடுகிறார்கள். அதனால் ஒரே மாதிரிப் பாதையில் போகிறவர்களை வகுப்புகளாகப் பிரிக்கும் வளர்ச்சிக் கலவை மாதிரி ஓட்டினேன், ஆர் மென்பொருளில் `hlme`.

```r
m4 <- hlme(phq ~ t + I(t^2), mixture = ~ t + I(t^2),
           subject = "id", ng = 4, data = d)
```

குறைந்தால் நல்லது என்று பார்க்கும் பொருத்த எண்ணான பி.ஐ.சி. ஒரு வகுப்புக்கு 6604, இரண்டுக்கு 6318, மூன்றுக்கு 6226, நான்குக்கு 6191, ஐந்துக்கு 6184. ஐந்தில் ஒரு வகுப்பில் ஆறே பேர், அதனால் நான்கை எடுத்தேன். குறைவாகவே இருப்பவர்கள் 131, மெல்ல இறங்குபவர்கள் 52, உயரத்திலேயே நிற்பவர்கள் 35, தொடக்கத்தில் குறைவாக இருந்து பிறகு ஏறுபவர்கள் 18. என்ட்ரோபி 0.86.

அந்த 18 பேருக்கு அறிக்கையில் என்ன பெயர் வைப்பது? "தாமதமாக வெளிப்படும் பாதிப்பு" சரியா? எங்கள் பொறுப்பாளர் இப்போதே கேட்கிறார், அவர்கள் எந்தக் கிராமங்களில் இருக்கிறார்கள், கிராம சேவகருக்குப் பட்டியல் கொடுக்கலாமா என்று.

வன்னிப்புள்ளி

நல்ல வேலை யாழினி. என்ட்ரோபி 0.8க்கு மேலே போனால் வகுப்புகள் உண்மையானவை என்று எடுக்கலாம், உங்களுடையது 0.86. பி.ஐ.சி.யும் இறங்கிக்கொண்டே வருகிறது. எந்த வகுப்பிலும் 5 சதவீதத்துக்குக் குறைவாக ஆட்கள் இருக்கக்கூடாது, 18 பேர் என்றால் ஏழரை சதவீதம், பாஸ். நான் பெயரை "தாமத ஏற்றம்" என்று வைப்பேன். "பாதிப்பு" என்றால் நோய் என்று வாசிப்பார்கள்.

தங்கம் அக்கா, குமுழமுனை

தங்கச்சி, நான் குடும்பநல உத்தியோகத்தராக 19 வருடம். தலைப்பில் வளர்ச்சி என்று பார்த்துவிட்டு வந்தேன். வளர்ச்சிப் பாதை என்றால் எங்களிடம் பிள்ளைகளின் அட்டை இருக்கிறது, பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று. ஒரு மாதம் நிறை ஏறாவிட்டால் அடுத்த மாதமே வீட்டுக்குப் போவோம். பெரிய ஆட்களுக்கும் அப்படி ஒரு அட்டை செய்கிறீர்களா? நல்லது. ஆனால் 27க்கு மேல் நிறை போகுமே?

யாழினி, முள்ளியவளை

அக்கா, மன்னியுங்கள், தலைப்பு குழப்பிவிட்டது. இது பிள்ளைகளின் நிறை இல்லை, மனச்சோர்வு அறிகுறிகளின் புள்ளி. அது மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் வளர்ச்சி என்கிறார்கள். இறங்கினாலும் வளர்ச்சிதான் இவர்களுக்கு.

கணக்கன்

பெயரைப் பிறகு பார்ப்போம். உங்கள் கட்டளையில் `random` என்ற வரி இல்லை. வேண்டுமென்றே விட்டீர்களா, மறந்தீர்களா?

யாழினி, முள்ளியவளை

உண்மையைச் சொன்னால், இருந்த ஒரு உதாரணத்தைப் பார்த்து எழுதினேன். அதில் இல்லை.

கணக்கன்

சரி. அப்படியென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த வரி இல்லாவிட்டால் `hlme` ஒரு வகுப்புக்குள் ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. வகுப்புக்கு ஒரே ஒரு கோடு. ஒருவர் அந்தக் கோட்டிலிருந்து விலகினால் அதெல்லாம் அளவீட்டுப் பிழை. இது நேகின் என்ற ஆய்வாளரின் முறை, தன்னளவில் பிழையான முறை இல்லை. ஆனால் நேகினே அந்தக் கூட்டங்களை ஒரு தொடர்ச்சியான பரவலைத் துண்டு துண்டாகக் காட்டும் வழியாகத்தான் பார்க்கிறார். ஊருக்குள் நான்கு சாதி மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதல்ல பொருள்.

இப்போது நினைத்துப் பாருங்கள். மனச்சோர்வுப் புள்ளியில் மனிதர்கள் இயல்பாகவே வேறுபடுவார்கள். ஒருவர் எப்போதும் 4ஐச் சுற்றி, இன்னொருவர் எப்போதும் 7ஐச் சுற்றி. அந்த வேறுபாட்டை வகுப்புக்குள் வைக்க இடம் கொடுக்காவிட்டால், மாதிரி அதை வேறு எங்கே கொண்டுபோய் வைக்கும்? புது வகுப்பாகத்தான் வைக்கும். அதனால்தான் உங்கள் பி.ஐ.சி. நிற்காமல் இறங்குகிறது. ஆறு, ஏழு என்று போனாலும் இன்னும் இறங்கக்கூடும். நீங்கள் நான்கில் நிறுத்தியது தரவு சொல்லி அல்ல, ஐந்தாவதில் ஆறு பேர் என்று கண்டு பயந்து.

வயலில் பாருங்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே சரிவு. தண்ணீர் நிற்க வரம்பு போடுகிறோம், நான்கு பாத்தி வருகிறது. பாத்தி நான்கு என்பதால் மண் நான்கு வகை ஆகிவிடாது. வரம்பில்லாமல் விவசாயம் செய்ய முடியாது என்பதும் உண்மைதான், ஆனால் வரம்பு நாங்கள் போட்டது.

வன்னிப்புள்ளி தம்பி சொன்னதில் பாதி சரி. பெயரில் நோய் வாடை வேண்டாம் என்பது சரி. என்ட்ரோபி பற்றியது பிழை. மாதிரி சரியென்று வைத்துக்கொண்டால் ஆட்களைப் பிரிப்பது எவ்வளவு தெளிவு என்பதைத்தான் அது சொல்கிறது. மாதிரி சரியா என்பதை அது பார்க்காது. ஆளுக்காள் வேறுபாட்டைத் தடுத்தால் கோடுகள் தள்ளித் தள்ளி நிற்கும், என்ட்ரோபி தானாகவே உயரும். தடை போட்டுவிட்டு, எவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கிறது என்று சந்தோஷப்படக்கூடாது.

இதை ஓட்டிவிட்டு வாருங்கள். 100 வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து தேடச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு தொடக்கத்தை நம்பினால், பக்கத்துக் குன்றின் உச்சியை மலையின் உச்சி என்று நினைத்து நின்றுவிடும்.

```r
m1 <- hlme(phq ~ t + I(t^2), random = ~ t,
           subject = "id", ng = 1, data = d)
m2 <- gridsearch(
  hlme(phq ~ t + I(t^2), mixture = ~ t + I(t^2), random = ~ t,
       subject = "id", ng = 2, data = d),
  rep = 100, maxiter = 30, minit = m1)
```

மூன்றுக்கும் நான்குக்கும் `ng` ஐ மட்டும் மாற்றுங்கள். பழைய நான்கு வகுப்பு மாதிரியையும், அதன் சொந்த ஒரு வகுப்பு மாதிரியை `minit` ஆக வைத்து, இப்படியே ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

வன்னிப்புள்ளி

அண்ணை, நான் வாசித்த கட்டுரைகள் பலவற்றில் என்ட்ரோபியைத்தான் முதலில் போடுகிறார்கள். எல்லோரும் பிழை என்கிறீர்களா?

கணக்கன்

போடலாம், நானும் போடுவேன். அதை வைத்து வகுப்பின் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள், அவ்வளவுதான். அதிர்ச்சிக்குப் பிறகு மீள்திறன் உள்ளவர்களே பெரும்பான்மை என்ற பேச்சு எவ்வளவு பரவலானது என்று தெரியும்தானே? 2016இல் இன்ஃபர்னாவும் லூதரும் அதைச் சோதித்தார்கள். துணையை இழந்தவர்கள், மணமுறிவு கண்டவர்கள், வேலை இழந்தவர்கள் பற்றிய ஜெர்மன் தரவு, ஏற்கெனவே இதே வழியில் ஆராயப்பட்டது. வகுப்புகளின் பரவல் பற்றி முன்னையவர்கள் வைத்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும், மீள்திறன் கூட்டம் முன்பு சொன்னதைவிட மிகவும் சிறியதாகிவிட்டது. தரவு அதேதான், மாறியது கட்டுப்பாடு மட்டும்.

யாழினி, முள்ளியவளை

ஓட்டினேன். கணினி இரவு முழுக்கச் சூடாகிக் கிடந்தது, நடுவில் மின்சாரமும் ஒரு தடவை போனது.

`random = ~ t` போட்டதும் ஒரு வகுப்புக்கு 6139, இரண்டுக்கு 6121, மூன்றுக்கு 6125, நான்குக்கு 6133. இரண்டு வகுப்பில் என்ட்ரோபி 0.61.

என்னைத் தூக்கிப்போட்டது எதுவென்றால், புது ஒரு வகுப்பு மாதிரியே 6139. என் பழைய நான்கு வகுப்பு 6191. வகுப்பே இல்லாத ஒன்று என் நான்கு வகுப்பை 52 புள்ளியால் அடித்திருக்கிறது!

பழைய நான்கு வகுப்பைத் திரும்பத் தேடியதில் 6188க்கு வந்தது. ஏறும் கூட்டம் 18 இலிருந்து 23 ஆகி, "மெல்ல இறங்கும்" கூட்டத்திலிருந்து சிலரை இழுத்துக்கொண்டது. நான் பெயர் வைக்கப் போன 18 பேர் அந்த ஒரு தொடக்கத்தின் 18 பேர் மட்டுமே.

ஆனால் கணக்கன் ஐயா, ஏறுகிறவர்களை நான் கண்ணால் பார்த்தேன். கோடு கீறிப் பார்த்தால் சிலர் 5இல் தொடங்கி 13இல் முடிகிறார்கள். அது பொய்யா?

கணக்கன்

அவர்கள் ஏறியது பொய்யில்லை. அவர்கள் தனி வகை என்பதுதான் சந்தேகம். சராசரிச் சரிவைச் சுற்றி ஆளுக்காள் சரிவு வேறுபட்டால் ஒரு ஓரத்தில் ஏறுகிறவர்கள் இருந்தே தீருவார்கள். ஒரு வகுப்பு மாதிரி அவர்களை மறைக்கவில்லை, ஓரத்தில் வைத்திருக்கிறது.

அந்த 18 பேரின் கோடுகளை மாதிரியின் வளைவு இல்லாமல், ஐந்து புள்ளியையும் அப்படியே இணைத்துக் கீறிப் பாருங்கள். வளைவுக்கு ஒரு வளைவு மட்டுமே தெரியும், ஏறி இறங்கி ஏறுவதை அது மழுப்பிவிடும்.

ராசன், ஒட்டுசுட்டான்

நான் கணக்குப் பிள்ளை இல்லை. இதே மாதிரி ஒரு வேலையில் வீடு வீடாகக் கேள்வி கேட்கப் போனவன். ஒன்று கேட்கலாமா? அந்த 18 பேரையும் எந்த மாதம் போய்ப் பார்த்தீர்கள்?

மே மாதத்தில் நான் போனால் வேறு ஊருக்குள் போனது போல இருக்கும். முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சத் தொடங்கினால், கடந்த இரண்டு கிழமையில் நித்திரை எப்படி என்ற கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்கவே வெட்கப்படுவேன். என் அக்காவே மற்ற மாதங்களில் சிரித்துக் கதைப்பவர், மே 18 முடியும்வரை அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார். அவரைச் சித்திரையில் கேட்டால் ஒரு புள்ளி, வைகாசியில் கேட்டால் வேறு புள்ளி.

யாழினி, முள்ளியவளை

ராசன் அண்ணை, உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுத் திகதிகளை எடுத்தேன். கை நடுங்குகிறது.

18 பேரில் 14 பேர் நவம்பரில் சேர்ந்தவர்கள். நவம்பர் கூட்டி 18 மாதம் மே. நவம்பர் கூட்டி 6 மாதமும் மே! நவம்பரில் சேர்ந்தவர்கள் மொத்தம் 47 பேர், மூன்று கிராமங்கள். மற்ற 189 பேரில் நான்கு பேர் மட்டும்தான் அந்த வகுப்பில்.

ஐயா சொன்னபடி ஐந்து புள்ளியையும் இணைத்துக் கீறினேன். அந்த 14 பேரில் பெரும்பாலானவர்களுக்கு மரம் அரியும் வாள் மாதிரி இருக்கிறது. ஒரு அக்காவின் புள்ளிகள் 5, 5, 10, 6, 13. ஆறாம் மாதம் ஏற்றம், பன்னிரண்டில் இறக்கம், பதினெட்டில் ஏற்றம். கடைசி ஏற்றம் பெரிது என்பதால் என் வளைவு அதை மேல் நோக்கிய ஒரே ஏற்றமாகக் காட்டியிருக்கிறது.

பொறுப்பாளர் கேட்ட கிராமப் பட்டியலை நான் நேற்றுக் கொடுத்திருந்தால், நாங்கள் நவம்பரில் போன மூன்று கிராமங்களைத்தான் கொடுத்திருப்பேன்.

தங்கம் அக்கா, குமுழமுனை

இப்போது விளங்குகிறது. எங்களுக்கும் இது நடக்கும். ஒரு மாதம் கிளினிக்கில் தராசு மாறினால் அந்த வட்டாரப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் செம்மஞ்சளுக்கு இறங்கிவிடுவார்கள். பழகிய ஆள் என்றால் பிள்ளையைப் பார்க்க முதல் தராசைப் பார்ப்பாள். உங்களுடைய தராசு மாதம்தான் போல.

கணக்கன்

தங்கம் அக்கா என் அரைப் பக்கத்தை மிச்சம் பிடித்துவிட்டார்.

யாழினி, மே மாதத்தில் எடுத்த பேட்டிக்கு 1, மற்றதுக்கு 0 என்று `may` நிரலைச் சேருங்கள். `mixture` வரியில் போடாதீர்கள், எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

```r
m1b <- hlme(phq ~ t + I(t^2) + may, random = ~ t,
            subject = "id", ng = 1, data = d)
```

டொக்டர் செம்மண்

நடுவில் வருகிறேன். நான் மாவட்டத்தில் உளநலக் கிளினிக் நடத்துபவன். கணக்கில் குறை கண்டுபிடிப்பது சரி, ஆனால் எனக்கு உதவியாளர்கள் கொஞ்சப் பேர்தான், மோட்டார் சைக்கிள் ஒன்று. யாரை முதலில் பார்ப்பது என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டும். "உயரத்திலேயே நிற்பவர்கள் 35 பேர்" என்பது எனக்குப் பயன்படும் வசனம். அதையும் இல்லையென்று சொன்னால் நான் எதை வைத்து வேலை செய்வது? நோயாளிகளில் இப்படி ஒரு கூட்டம் உண்டு, நான் வருடக்கணக்காகப் பார்க்கிறேன்.

இன்னொன்று. மே மாத ஏற்றத்தைத் தராசுப் பிழை என்று கழிக்காதீர்கள். அது பிழை இல்லை, அதுதான் நோவு. மேயில் 13 எடுத்த பெண் உண்மையிலேயே அந்த இரண்டு கிழமை தூங்கவில்லை.

கணக்கன்

டொக்டர், இரண்டாவது விஷயத்தில் நீங்கள் சரி, நான் அவசரப்பட்டு அக்காவுக்குத் தலையாட்டிவிட்டேன். அது அளவீட்டுப் பிழை அல்ல. ஆனால் "தாமதமாக நோய் தொடங்கி ஏறிக்கொண்டிருக்கிறது" என்பதும் "ஒவ்வொரு மேயிலும் ஏறி இறங்குகிறது" என்பதும் வேறு வேறு கதை. முதலாவதுக்கு நீங்கள் மருந்து பற்றி யோசிப்பீர்கள். இரண்டாவதுக்குச் சித்திரைக் கடைசியிலேயே போய்ப் பக்கத்தில் இருப்பீர்கள். யாழினியின் வகுப்பு முதலாவதைச் சொன்னது, திகதி இரண்டாவதைச் சொல்கிறது.

முதலாவது விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். யாரை இன்று பார்ப்பது என்பதற்கு வகுப்பு வேண்டாம், இன்றைய புள்ளி போதும். 10ம் அதற்கு மேலும் என்றால் ஒரு ஆள் கதைக்க வேண்டும். ஒன்பதாவது கேள்விக்கு, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பதற்கு, 0 அல்லாத எந்த விடை வந்தாலும் மொத்தம் 4 ஆக இருந்தாலும் அன்றே விசாரிக்க வேண்டும். "குறைவாகவே இருக்கும்" வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால் வகுப்பின் பெயர் அவரை மறைத்துவிடும். அதுதான் என் பயம்.

டொக்டர் செம்மண்

ஒன்பதாவது கேள்வி பற்றிச் சொன்னது சரி. வகுப்பு வேண்டாம் என்பது எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இன்று 12 எடுத்தவர் அடுத்த மூன்று மாதத்தில் தானாக இறங்குவாரா, நிற்பாரா என்பதை இன்றைய புள்ளி சொல்லாது.

யாழினி, முள்ளியவளை

யோசித்துப் பார்த்தால் டொக்டர், அதை என் வகுப்பும் சொல்லாது. ஒரு ஆளை எந்த வகுப்பில் போடுவது என்று ஐந்து பேட்டியும் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. முதல் பேட்டியிலேயே 12 எடுத்த ஒருவருக்கு "இறங்குபவரா, நிற்பவரா" என்று பார்த்தால் இரண்டு வகுப்பு மாதிரியில் 0.52, 0.48 என்று வருகிறது. காசு சுண்டிப் பார்ப்பது போல.

மே நிரலைச் சேர்த்து ஓட்டினேன். ஒரு வகுப்பு 6104, இரண்டு 6101, மூன்று 6109. மேயில் எடுத்த புள்ளி மற்ற மாதங்களைவிடச் சராசரி 2.6 கூட. மூன்று வகுப்பு மாதிரியிலும் ஏறும் கூட்டம் வரவே இல்லை.

அப்புறம் ஒன்று. ஒரு வகுப்புக்கும் இரண்டுக்கும் மூன்று புள்ளிதான் வித்தியாசம். இரண்டாவது வகுப்பில் 33 பேர், உயரத்தில் நிற்பவர்கள். டொக்டரின் கூட்டம். அதை நம்பலாமா?

வன்னிப்புள்ளி

இரண்டு வகுப்புத்தானே குறைவு, அதை எடுங்கள். பி.ஐ.சி. குறைந்தது வெல்லும்.

கணக்கன்

மூன்று புள்ளிக்கு ஆட்களைப் பிரிக்கமாட்டேன். அதோடு இன்னொரு பொறி இருக்கிறது. உங்கள் புள்ளிகளின் பரவல் எப்படி? கீழே எத்தனை பேர் குவிந்திருக்கிறார்கள்?

யாழினி, முள்ளியவளை

18ஆம் மாதத்தில் பேட்டி கொடுத்த 201 பேரில் 61 பேர் 0 அல்லது 1. வலப்பக்கம் நீண்ட வால், 22 வரை போகிறது.

கணக்கன்

நினைத்தேன். 2003இல் பவரும் கரனும் காட்டியது இதுதான். ஒரே கூட்டத்திலிருந்து எடுத்த தரவாக இருந்தாலும், பரவல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், கலவை மாதிரி அந்தச் சாய்வைச் சரிக்கட்ட மணி வடிவப் பரவல்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். ஒரு பெரிய மணி கீழே, ஒரு சின்ன மணி வாலில். அந்தச் சின்ன மணிக்குத்தான் நாங்கள் "உயரத்தில் நிற்பவர்கள்" என்று பெயர் வைக்கிறோம். பி.எச்.க்யூ 0க்குக் கீழே போகாது, ஊரில் பெரும்பாலானவர்கள் கீழேதான், சாய்வு இல்லாமல் எப்படி இருக்கும்?

இரண்டு வேலை செய்யலாம். முதலாவது, அதே பொதியிலுள்ள `lcmm` கட்டளையில் `link = "3-quant-splines"` கொடுத்தால் அளவுகோலின் சாய்வை முதலில் நிமிர்த்திவிட்டு மாதிரியைப் பொருத்தும். இரண்டாவது, எனக்குப் பிடித்தது. உங்கள் ஒரு வகுப்பு மாதிரியிலிருந்தே 236 கற்பனை ஆட்களைச் செய்யுங்கள். 0க்குக் கீழே போனதை 0 ஆக்குங்கள், முழு எண்ணாக்குங்கள், உங்கள் தரவில் எங்கெங்கே பேட்டி விடுபட்டதோ அங்கேயே விடுபடச் செய்யுங்கள். வகுப்பு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த தரவு அது. அதில் ஒரு வகுப்பையும் இரண்டு வகுப்பையும் ஓட்டி எத்தனை தடவை இரண்டு வெல்கிறது என்று எண்ணுங்கள்.

ராசன், ஒட்டுசுட்டான்

விடுபட்டவர்கள் என்றதும் ஒன்று. 236 இல் 201 என்றால் 35 பேர் இல்லை. எங்கள் பக்கம் காணாமல் போகிறவர்கள் இரண்டு மாதிரி. ஒன்று வேலை கிடைத்துக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனவர்கள். மற்றது கதவைத் திறக்காதவர்கள். இரண்டாவது ஆட்களின் புள்ளிதான் உயரமாக இருக்கும், அது உங்களிடம் இல்லை.

யாழினி, முள்ளியவளை

அண்ணை, எங்கள் தாளில் "வீட்டில் இல்லை" என்று ஒரே பெட்டிதான். எது எது என்று பிரிக்க முடியாது. பேட்டி எடுத்த தங்கச்சிமாரிடம் கேட்டேன், 35 இல் ஒரு பத்துப் பேர் கதவைத் திறக்கவில்லை என்கிறார்கள், நினைவிலிருந்து.

கணக்கன்

அது எழுதப்பட வேண்டும். எந்த மாதிரியும் அதைச் சரிசெய்யாது. `hlme` விடுபட்டதைக் கையாளும், ஆனால் ஏற்கெனவே சொன்ன புள்ளிகளை வைத்து ஊகிக்கக்கூடிய விடுபடல் என்ற நம்பிக்கையில். கதவைத் திறக்காததற்குக் காரணம் அன்றைய மனநிலை என்றால் அந்த நம்பிக்கை உடைகிறது.

சுமதி, பரந்தன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ராசன் அண்ணை சொன்ன மே விஷயத்தில் ஒரு சந்தேகம். கார்த்திகை 27ம் இருக்கிறதே. எங்கள் வீட்டில் கார்த்திகைதான் கனம், வைகாசி அல்ல. நவம்பரில் சேர்ந்தவர்களின் முதல் புள்ளியும் பன்னிரண்டாம் மாதப் புள்ளியும் ஏன் உயரவில்லை? மே என்று நாங்கள் நினைப்பது வேறு ஏதாவதாக இருந்தால்? சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாத வருடமாக இருந்தால்?

யாழினி, முள்ளியவளை

சுமதி அக்கா, நல்ல கேள்வி. நவம்பர் பேட்டிகளில் பெரும்பாலானவை முதல் பத்து நாளுக்குள் முடிந்தவை, மழை இறுகினால் உள் வீதிகளில் போக முடியாது என்று அவசரப்பட்டோம். கேள்விகள் முந்திய இரண்டு கிழமையைப் பற்றியவை, எனவே 27க்கு முந்திய நாட்கள்தான் உள்ளே இருக்கின்றன. மே பேட்டிகள் 12ஆம் திகதிக்குப் பிறகு. இது ஒத்துப்போகிறது, ஆனால் நிரூபணம் இல்லை. தண்ணீர் விஷயத்தை என்னிடம் உள்ள தரவால் பிரிக்க முடியாது. அந்த மூன்று கிராமமும் ஒரே குளத்துக்குக் கீழே.

கணக்கன்

மாதத்துக்குப் பதிலாகத் திகதியைப் போட்டுப் பாருங்கள், ஆனால் 47 பேரில் இதற்கு மேல் கசக்கிப் பிழிய முடியாது. சுமதி கேட்டது திறந்தே இருக்கட்டும்.

யாழினி, முள்ளியவளை

நான்கு நாள் கழித்து வருகிறேன். கற்பனைத் தரவு 40 தடவை செய்தேன். வகுப்பே இல்லாத தரவில் 29 தடவை இரண்டு வகுப்பு வென்றது. சின்ன வகுப்பில் 20 இலிருந்து 45 பேர் வரை, கோடு உயரத்தில் நேராக. என்னுடைய 33 பேர் எப்படி இருந்தார்களோ அப்படியே. படத்தைப் பக்கத்தில் வைத்தால் எது எங்கள் ஊர், எது கற்பனை என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

`lcmm` இல் சாய்வை நிமிர்த்தி ஓட்டினால் ஒரு வகுப்பு இரண்டு வகுப்பைவிட 2 புள்ளி குறைவு. அதாவது இப்போது ஒன்று வெல்கிறது.

டொக்டர் செம்மண்

அதனால் உயரத்தில் நிற்பவர்கள் இல்லை என்று ஆகாது.

கணக்கன்

ஆகாது. இருக்கிறார்கள் என்று இந்தத் தரவால் காட்டவும் முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை, எனக்கும் அது பிடிக்கவில்லை.

வன்னிப்புள்ளி

அப்போ நான் போன வருடம் கொடுத்த அறிக்கையில் மூன்று வகுப்பு போட்டேன், `random` இல்லாமல். அதில் வகுப்பை எடுத்து எந்தக் கல்வித் தகுதியினர் எந்த வகுப்பில் என்று கை-வர்க்கம் எல்லாம் செய்தேன். அதுவும் போச்சா?

கணக்கன்

வகுப்பின் எண்ணிக்கையைத் திரும்பப் பாருங்கள். கை-வர்க்கம் தனிப் பிரச்சினை. ஒவ்வொருவரையும் ஒரு வகுப்பில் நிச்சயமாக அடைத்துவிட்டுக் கணக்குப் போட்டால், 0.52 ஆளும் 0.99 ஆளும் ஒன்றாகிவிடுகிறார்கள். அந்தக் கலங்கலைக் கணக்கில் எடுக்கும் மூன்று படி முறை இருக்கிறது, வெர்முன்ட் 2010இல் எழுதியது. தனி இழை திறவுங்கள், அங்கே வருகிறேன்.

யாழினி, முள்ளியவளை

அறிக்கையில் நான் எழுதியதை இங்கே வைக்கிறேன், பார்த்துத் திருத்துங்கள்.

"அறிகுறிப் புள்ளிகள் சராசரியில் சிறிது இறங்கின. ஆட்களுக்கிடையே தொடக்க அளவிலும் மாற்றத்தின் வேகத்திலும் பெரிய வேறுபாடு இருந்தது. மே மாதத்தில் எடுத்த பேட்டிகளில் புள்ளி சராசரி 2.6 கூட இருந்தது. இதை நினைவு நாளோடு தொடர்புபடுத்தலாம், ஆனால் அதே கிராமங்களின் வேறு சூழ்நிலைகளிலிருந்து பிரிக்க இயலவில்லை. தனித்தனிக் கூட்டங்கள் இருப்பதாக மாதிரி உறுதியாகக் காட்டவில்லை. 35 பேரின் கடைசிப் பேட்டி கிடைக்கவில்லை, இவர்களில் சிலர் கதவைத் திறக்கவில்லை."

பின்னிணைப்பில் எல்லா மாதிரிகளின் பி.ஐ.சி.யும், தொடக்கப் புள்ளிகளின் எண்ணிக்கையும், 236 பேரின் வெறும் கோடுகளும். கிராமப் பட்டியல் இல்லை என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது, ஒன்றரை வருடம் ஓடி இவ்வளவுதானா என்று கேட்டார். ஒன்பதாவது கேள்விக்கு 0 அல்லாத விடை சொன்ன 11 பேரில் இருவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று இந்தத் தாள்களைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. இருவரும் "குறைவாகவே இருப்பவர்கள்" வகுப்பில். நாளை தங்கம் அக்காவோடு போகிறேன்.

தங்கம் அக்கா, குமுழமுனை

காலை ஏழு மணிக்குச் சந்தியில் நில் தங்கச்சி. எட்டு மணிக்குப் பிறகு அவர்கள் வயலுக்குப் போய்விடுவார்கள்.

சுமதி, பரந்தன்

அடுத்த தடவை ஒரே கிராமத்தை இரண்டு மாதங்களில் பிரித்துச் சேர்த்தால் மாதமும் குளமும் பிரியும்தானே?

கணக்கன்

பிரியும். பாதிப் பேரை நவம்பரில், மீதியை ஜனவரியில், சீட்டுக் குலுக்கி. பேட்டி எடுப்பவர்களுக்கு இரண்டு தடவை எரிபொருள் செலவு, அதை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.